யார் கையால் உடுத்துவது?

தைக்கக் கொடுக்க வருபவரிடம் எந்த டெய்லரும் முதலில் கேட்பது துணி எத்தனை மீட்டர் என்றுதான். என் கடைக்கு வருகிற சிலரிடம் நான் வேறொன்றைக் கேட்கிறேன். இதை யார் கையால் உடுத்துவீர்கள்? அவரே போட்டுக்கொள்வாரா, பக்கத்தில் இருக்கிறவர் போட்டுவிடுவாரா? பட்டன் வேண்டுமா காந்தமா, திறப்பு முன்னால் வருமா, பக்கத்திலா, முதுகிலா என்பதெல்லாம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. மார்பும் இடுப்பும் எத்தனை அங்குலம் என்பது அதற்குப் பிறகு.

தொழில் கற்றது அம்பத்தூரில், ஏற்றுமதி கம்பெனி ஒன்றின் லைனில். காலர் மட்டும், பிறகு பட்டன் பட்டி மட்டும் என்று ஓட்டி, கடைசியில் சாம்பிள் செக்‌ஷனுக்குப் போனேன். முழு உடுப்பையும் ஒரே ஆள் தைத்துப் பார்க்கிற இடம் அது. கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்து பஜாரில் மிஷின் போட்டபோது பள்ளி யூனிஃபார்மும் ஜாக்கெட்டும்தான் சோறு போட்டன. ஆனால் இது சிப்காட் ஊர். ஒரு பக்கம் இரும்பு உருட்டாலைகள், இன்னொரு பக்கம் ஜி.என்.டி. ரோட்டில் ஓயாத லாரி. நசுங்கின விரலும் உடைந்த காலும் இங்கே தெருவுக்கு ஒன்று. வயசானவர்களுக்கு வரும் பக்கவாதம் எல்லா ஊருக்கும் பொது. "இந்த சட்டையைக் கொஞ்சம் பிரிச்சுக் குடும்மா" என்று ஒருவர் கேட்டதில் ஆரம்பித்த வேலை, இன்று கடையின் ஒரு பக்க அலமாரியை நிறைத்திருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனிகள் இதை 'அடாப்டிவ் கிளாத்திங்' என்று தனிப் பிரிவாகவே விற்கின்றன. எங்கள் பஜாரில் அதற்குப் பெயர் கிடையாது. "ஆஸ்பத்திரி சட்டை தைக்கிற அக்கா கடை" என்று வழி சொல்வார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிப்பதில்லை. ஆஸ்பத்திரிச் சட்டை மாதிரி தெரியக் கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவு மெனக்கெடுகிறோம்.

காலில் இருந்தே தொடங்குகிறேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு பல துண்டாக உடைந்தால், சில பேருக்கு வெளியே வளையம் போட்டு, அதிலிருந்து கம்பிகளை எலும்புக்குள் செலுத்திப் பூட்டுவார்கள். ரஷ்யாவில் குர்கான் என்ற ஊரில் இலிசாரோவ் என்ற மருத்துவர் உருவாக்கிய முறை, அவர் பெயரிலேயே வழங்குகிறது. மாதக்கணக்கில் அந்த வளையம் காலோடு இருக்கும். அதற்குக் கைலி போதாதா என்றால், வீட்டுக்குள் போதும். மூட்டாத கைலியைவிட நல்ல பக்கத்திறப்பு உடுப்பை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஊன்றுகோலில் இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கும்போது கைலி அவிழ்ந்தால் பிடிக்க மூன்றாவது கை இல்லை. இருபத்தைந்து வயசுப் பையன் ரயிலேறி ஆஸ்பத்திரிக்குப் போகப் பேண்ட்தான் கேட்கிறான்.

இதில் கணக்கு எளிது. வளையத்தின் வெளிவிட்டம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு கிட்டத்தட்ட 63 சென்டிமீட்டர், அதாவது 25 அங்குலம். சாதாரண பேண்ட்டின் பாட்டம் 16 அங்குலம். தையலைப் பிரித்துத் திறந்துவிட்டால் மட்டும் ஆகாது; திரும்ப மூடுவதற்கு 9 அங்குலம் துணி குறைகிறது. கட்டுத்துணிக்கும் அசைவுக்கும் இடம் விட்டு 12 அங்குலமாக, முழங்காலுக்கு மேலே கூராகத் தொடங்கிக் கீழே விரிகிற துண்டு ஒன்றை வைத்துத்தான் ஆகவேண்டும். அதே நிறத்தில் துணி கிடைத்தால், தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு கால் கொஞ்சம் அகலமான பேண்ட் மாதிரித்தான் தெரியும்.

வெளிப்பக்கத் தையலை இடுப்புப் பட்டி வரை முழுசாகப் பிரித்துவிடுவேன். பாதியில் நிறுத்தினால் கடைசியில் காலை மடக்கி நுழைக்க வேண்டிவரும், மடக்க முடியாத கால் அது. பேண்ட்டை விரித்துக் கட்டிலில் போட்டு, காலை அதன்மேல் வைத்து, வெளிப்பக்கத்தில் மூட வேண்டும். இதில் எல்லாரும் மறப்பது பாக்கெட்டை. பக்கப் பாக்கெட் அந்தத் தையலில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை வெட்டி எடுத்துவிட்டு, தொடையின் முன்பக்கத்தில் ஒட்டுப் பாக்கெட் வைத்துவிடுகிறேன். பின்பக்கத் துணியில் இரண்டு அங்குலப் பட்டி, முன்பக்கத் துணி அதன்மேல் படிகிற மாதிரி. மூடினால் வெளியே தெரிவது வழக்கமான சைடு தையல் கோடுதான்.

எதைக் கொண்டு மூடுவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. டிச் பட்டன் அழகாக இருக்கும், துவைத்தாலும் கெடாது. ஆனால் டிச் பட்டனை மூட அமுக்க வேண்டும், அமுக்கும்போது அடியில் ஏதாவது தாங்க வேண்டும். தொடையில் அது சரி. உடைந்த காலின்மேல் வைத்து அமுக்க முடியுமா? அதனால் இடுப்பிலிருந்து தொடைப் பாதி வரை மூன்று அங்குலத்துக்கு ஒரு டிச் பட்டன், அதற்குக் கீழே வெல்க்ரோ. வெல்க்ரோவை நீளப் பட்டையாகத் தைப்பதில்லை. நீளமாகத் தைத்தால் துணி விறைத்து நிற்கும், பிரிக்கும்போது கால் முழுக்க அதிரும். இரண்டு அங்குலத் துண்டுகளாக, நடுவே நான்கு அங்குலம் விட்டு வைக்கிறேன். முள்ளாக இருக்கும் பாதி அடிப்பட்டியில் வெளியே பார்க்க வேண்டும், மெத்தென்ற பாதி மேலே. மாற்றி வைத்தால் முள் தோலைப் பிறாண்டும், கட்டுப் போட்ட காஸ் துணியைப் பிடித்து இழுக்கும். கம்பி தோலுக்குள் போகிற வாயைச் சுற்றி இழுவை இருக்கவே கூடாது. அங்கே சிவந்தாலோ நீர் வடிந்தாலோ துணியைக் குறை சொல்லிக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் போகச் சொல்லித்தான் கொடுக்கிறேன். ஜிப் வைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. ஜிப்பின் பல்லும் காஸைக் கவ்வும். ஒருக்களித்துப் படுத்தால் முழு நீளத்துக்கும் ஒரு வரப்பு அழுத்தும். வளையம் கழற்றினபின் விரிவுத் துண்டை எடுத்துவிட்டுப் பழைய தையலைப் போட்டுக் கொடுத்துவிடுவேன். பேண்ட் பேண்ட்டாகிவிடும்.

சட்டைக் கதை வேறு. அங்கே உடுத்துவது பெரும்பாலும் அவரே, அதுவும் ஒற்றைக் கையால்.

பொன்னேரியிலிருந்து ஒரு பெரியவர், ஓய்வுபெற்றவர், மனைவியோடு வந்தார். பக்கவாதத்தில் வலது கை சுவாதீனமில்லை. "நான் போட்டுவிடறேன்னா வேணாங்கறாரு, ஒரு பட்டனுக்கு அஞ்சு நிமிஷம் போராடறாரு" என்றார் அந்தம்மா. பெரியவர் கேட்டது ஒன்றுதான்: "பாக்க சட்டை மாதிரியே இருக்கணும்மா." டி-ஷர்ட் போட மாட்டார். அவர் வழக்கமாகப் போடும் வெள்ளை அரைக்கைச் சட்டையையே வாங்கி வைத்துக்கொண்டேன்.

காந்தச் சட்டையின் சூட்சுமம், வெளியே பட்டன் இருக்க வேண்டும் என்பது. கீழ்ப்பட்டியிலிருந்து பட்டன்களைப் பிரித்தெடுத்து, மேல்பட்டியில் காஜாக்களைத் தைத்து மூடி, அவற்றின்மேலேயே பட்டன்களை வைத்துத் தைத்துவிடுகிறோம். பார்க்கிறவர் கண்ணுக்குப் பட்டன் போட்ட சட்டை. இரண்டு பட்டிக்குள்ளும் எதிரெதிராகக் காந்தம் ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவில் மௌரா ஹார்ட்டன் என்ற பெண் தன் கணவருக்காக இதைச் செய்தார். அவர் கணவர் கல்லூரி அணியின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர், பார்க்கின்சன் நோயாளி. ஆட்டம் முடிந்தபின் உடைமாற்றும் அறையில் சட்டைப் பட்டனைப் போட முடியாமல் நின்றவருக்கு அவருடைய ஆட்டக்காரர் ஒருவர் போட்டுவிட்டாராம். 2013-ல் மௌரா 'மேக்னாரெடி' என்ற பெயரில் அந்தச் சட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சென்னையிலும் ஷாலினி விசாகன் இந்த வகை உடுப்புகளை வடிவமைக்கிறார். கடையில் வாங்க வசதி உள்ளவர்கள் வாங்கலாம். எங்களுக்கு, இருக்கிற சட்டையை மாற்றுவதுதான் கட்டுப்படியாகும்.

கைப்பையில் வருகிற மேக்னட் பட்டன் சட்டைக்கு ஆகாது. கனம், பின்னால் தகரக் கொக்கி வேறு. பாரிமுனைப் பக்கம் போய் நியோடிமியம் வட்டுகள் வாங்கி வருவேன். 12 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் தடிமன். கழுத்துப் பட்டனுக்கு வேண்டாம், நம் வெயிலில் யாரும் அதைப் போடுவதில்லை. மீதி ஆறு இடத்துக்கு ஆறு ஜோடி. ஒவ்வொரு வட்டையும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் வைத்து ஓரத்தை ஒட்டி, அதற்குமேல் ஒரு துணி உறை. இந்தக் காந்தம் உடையக்கூடியது. மேலே பூசிய நிக்கல் ஒரு இடத்தில் பெயர்ந்தால் உள்ளே துரு ஏறும், வெள்ளைச் சட்டையில் பழுப்பு வட்டம் விழும். அந்த வட்டம் தெரிந்தால் உள்ளே காந்தம் உடைந்துவிட்டது என்று அர்த்தம், சோப்பு போட்டுத் தேய்த்துப் பயனில்லை.

தைக்கும்போதுதான் வேடிக்கை. மிஷினின் தட்டு இரும்பு, ஊசி இரும்பு, கத்திரி இரும்பு. உறையை மிஷின் பக்கம் கொண்டுபோனாலே தாவி ஒட்டிக்கொள்ளும். கோடு நேராக வரவே வராது. ஆகவே காந்தம் இல்லாமல் மூன்று பக்கம் உறையை மிஷினில் தைத்துவிட்டு, கடைசியில் வட்டை உள்ளே போட்டு நாலாவது பக்கத்தைக் கையால் தைக்க வேண்டும். அப்போதும் கை ஊசி இழுக்கும், ஆனால் விரலுக்கு அது பழகிவிடும்.

அதற்கு முன்னால் முனை பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் எதை ஈர்க்கிறது, எதைத் தள்ளுகிறது என்று ஒரு தனிக் காந்தத்தை நூலில் கட்டி வைத்துப் பார்த்து, ஒரு முகத்தில் நெயில் பாலிஷ் புள்ளி வைப்பேன். இடது பட்டியில் எல்லாக் காந்தமும் ஒரே முகம் வெளியே பார்க்க வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? இரண்டாவது காந்தம் மூன்றாவதோடு போய் ஒட்டும், சட்டை கோணலாக மூடிக்கொள்ளும், ஒற்றைக் கையால் அதைச் சரிசெய்வது பட்டன் போடுவதைவிடக் கஷ்டம். அதனால் புள்ளி உள்ளே, புள்ளி வெளியே என்று மாற்றி மாற்றி வைக்கிறேன். அப்போது பக்கத்துக் காந்தம் தப்பாக வந்தால் தள்ளிவிடும், தன் ஜோடிதான் ஒட்டும். முதல் ஜோடி சரியாக விழுந்தால் மீதி தானாகவே டக் டக்கென்று இறங்கும்.

வலு எவ்வளவு வேண்டும் என்பதைச் சட்டையைப் போட்டுத்தான் சொல்ல முடியும். பெரியவரை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தால் வயிற்றுப் பக்கத்துத் துணி இழுபடும், முதலில் திறப்பது அதுதான். இருமச் சொன்னேன். நாலாவது ஜோடி திறந்துகொண்டது. அந்த இடத்தில் 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ளதை வைத்தேன், நின்றது. எல்லாவற்றையும் வலுவாக வைத்துவிட்டால் என்ன என்று தோன்றும். அப்புறம் கழற்ற முடியாது. காந்தத்தை நேராக இழுத்துப் பிரிப்பது கஷ்டம், ஓரத்தை நெம்பினாலோ பக்கவாட்டில் நகர்த்தினாலோ எளிது. அதனால் காந்தத்தைப் பட்டியின் நடுவில் வைக்காமல் உள்ளோரம் தள்ளி வைத்தால், வெளியோரத்தில் கட்டைவிரல் நுழைய இடம் கிடைக்கும். மூடுவதைக் கற்றுக்கொண்டு போகிறவர்கள் பலர் கழற்றுவதைக் கற்றுக்கொள்ளாமல் போய்விடுவார்கள். இரண்டையும் கடையிலேயே செய்து காட்டச் சொல்வேன். போடும்போது சுவாதீனமில்லாத கை முதலில் உள்ளே போக வேண்டும், கழற்றும்போது நல்ல கை முதலில் வெளியே வர வேண்டும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்திருப்பார், ஆனால் அவசரத்தில் மறந்துபோகும்.

அவருக்கு முழுக்கைச் சட்டையும் ஒன்று வேண்டியிருந்தது. அதில் ஒரு புதிர். பிரச்சினை வலது கையின் கஃபில் இல்லை, அதை இடது கையால் போட்டுவிடலாம். இடது கையின் கஃபைப் போட வலது கை வேண்டும், அதுதான் வேலை செய்யவில்லையே. நல்ல கையின் கஃப்தான் சிக்கல். அங்கே காந்தம் வைக்கவில்லை. பட்டனை எலாஸ்டிக் நூலில் கொஞ்சம் தளர்வாகக் கட்டி, எப்போதும் போட்டபடியே விட்டுவிட்டேன். கை அதற்குள் நுழைந்து வெளியே வந்துவிடும்.

காந்தத்தை யாருக்கு வைக்க மாட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு. அந்தக் கருவி பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே இருக்கும், காந்தத்தை அதிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும் என்பது பொது விதி. சட்டைப் பட்டி அதைவிடப் பக்கத்தில் ஓடுகிறது. அவர்களுக்குச் சின்ன வெல்க்ரோதான். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்கு இந்தச் சட்டையோடு போகவே கூடாது, பக்கவாதக்காரர்களுக்கு அந்த ஸ்கேன் எடுப்பது வழக்கம் என்பதால் கழுத்துக்குப் பின்னால் 'காந்தம் உள்ளது' என்று நாடாவில் எழுதித் தைக்கிறேன். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் உறை பிரியத் தொடங்கின உடனே சட்டையைக் கொண்டுவரச் சொல்வேன். இரண்டு காந்தத்தைக் குழந்தை விழுங்கினால் குடலை நடுவில் வைத்துக் கவ்விக்கொள்ளும்.

மீதி எல்லாம் துவைப்பதிலும் இஸ்திரியிலும். துவைகல்லில் அடித்தால் காந்தம் நொறுங்கும். எல்லா ஜோடியையும் மூடிவிட்டுக் கையால் கசக்க வேண்டும். சாதாரண நியோடிமியம் 80 டிகிரிக்கு மேல் சூடானால் வலுவை இழக்கத் தொடங்கும், பருத்திக்கு வைக்கிற இஸ்திரிச் சூடு அதைவிட மிக அதிகம். பட்டியை விட்டுவிட்டுத் தேய்க்கும்படி இஸ்திரிக்காரரிடம் சொல்லி அனுப்ப வேண்டும். சொல்லாவிட்டாலும் இரும்புப் பெட்டி பட்டியில் ஒட்டி இழுக்கும்போது அவரே கேட்டுவிடுவார். இந்த ஊருக்கென்று இன்னொரு தொல்லை உண்டு. உருட்டாலையில் வேலை செய்கிற மகனின் யூனிஃபார்மோடு சேர்த்து ஊற வைத்தால், அதிலிருக்கும் இரும்புச் செதில் தூளெல்லாம் காந்தத்தைத் தேடி வந்து, பட்டி நெடுகக் கறுப்புப் புள்ளிகளாக உட்கார்ந்துவிடும். காய்ந்தால் துருக்கறை. தனி வாளி வேண்டும்.

உட்கார்ந்தே இருப்பவர்களுக்குத் தைப்பது இன்னொரு வகை. அதில் வெளியே தெரிவது குறைவு, உள்ளே இருப்பதுதான் எல்லாம். முதுகுத்தண்டில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. நமக்குப் பின்பாக்கெட்டில் சாவி குத்தினால் நகர்ந்து உட்காருவோம். அவருக்குக் குத்துவதே தெரியாது. ஜீன்ஸின் நடுத்தையலில் துணி நாலு மடிப்பாகச் சேருகிறது. உட்காரும் எலும்புக்கு அடியில் அந்த முடிச்சு மணிக்கணக்கில் இருந்தால் தோல் புண்ணாகும். படுக்கைப்புண் ஆறுவதற்கு மாதங்கள் ஆகும் என்பதை வேலூர்ப் பக்கத்துப் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையத்துக்குப் போய்வந்த ஒரு குடும்பத்தார்தான் எனக்கு விளக்கினார்கள். மருத்துவர் மேரி வர்கீஸ் 1966-ல் உருவாக்கிய இடம் அது. அவரே 1954-ல் நடந்த விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்தபடி அறுவை சிகிச்சை செய்தவர்.

சக்கர நாற்காலியில் இருப்பவரின் பேண்ட்டில் பின்பாக்கெட்டும் ரிவிட்டும் முதலில் போகும். தையலை மடித்து மடித்துப் போடாமல், இரண்டு துணியின் ஓரமும் தட்டையாகப் படுக்கிற ஃபிளாட்லாக் தையல் போட வேண்டும். என்னிடம் அந்த மிஷின் இல்லை. அம்பத்தூரில் பழகின ஒரு ஜாப்-ஒர்க் கடைக்கு வெட்டின துணியைக் கொடுத்தனுப்பித் தைத்து வாங்குகிறேன். உட்கார்ந்திருக்கும் உடம்பின் வடிவத்துக்கு வெட்டவும் வேண்டும்: இடுப்பின் பின்பக்கம் இரண்டு மூன்று அங்குலம் உயரம், முன்பக்கம் அவ்வளவு குறைவு. இல்லாவிட்டால் பின்னால் முதுகு தெரியும், முன்னால் துணி மடிப்பு மடிப்பாகச் சேர்ந்து வயிற்றை அமுக்கும். நின்றபடி பார்த்தால் வெட்டுத் தப்பான பேண்ட் போலத்தான் இருக்கும், ஆகவே மாட்டி வைத்துக் காட்டாதீர்கள் என்பேன். தைத்து முடித்ததும் உட்புறத்தைத் திருப்பிக் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பேன். கன்னம் ஒப்பாததை வேறு தோலுக்கு அனுப்புவதில்லை. புதுப் பேண்ட் போட்ட முதல் நாள் மாலை வீட்டார் ஒரு வேலை செய்ய வேண்டும். உட்கார்ந்த இடத்தில் தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுக்க வேண்டும். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகும். அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அதுதான் புண்ணின் தொடக்கம். பேண்ட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பாரம் படாமல் படுக்க வைத்து, மருத்துவரைக் கேட்க வேண்டும். தோல் கறுத்தவர்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது அதிகம் வருவது படுக்கையோடு இருக்கும் அம்மாக்களுக்கான நைட்டி. இங்கே உடுத்துவது மகளோ மருமகளோ, ஆகவே திறப்பு முதுகில். முன்னாலிருந்து பார்த்தால் கடை நைட்டிதான், பூப்போட்ட பருத்தி, மார்பில் லேஸ், பெயருக்கு இரண்டு பட்டன் கூட உண்டு. பின்னால் இரண்டு துணிகள் ஒன்றன்மேல் ஒன்று பாதி முதுகுக்குப் படிந்து, ஒவ்வொன்றும் எதிர்த் தோளில் ஒரு டிச் பட்டனில் மாட்டிக்கொள்ளும். உட்கார வைக்காமலே கையை முன்னாலிருந்து நுழைத்து, ஒரு பக்கம் திருப்பிப் பாதியை உள்ளே தள்ளி, மறுபக்கம் திருப்பி மீதியை இழுத்துவிட்டால் முடிந்தது. டிச் பட்டன் தோளின் முன்சரிவில் இருக்க வேண்டும், முதுகுப் பக்கம் இருந்தால் படுக்கையில் அழுத்தும். முதுகில் படிகிற துணியைக் கணுக்கால் வரை விடாமல் இடுப்புக்குக் கீழே கொஞ்சத்தோடு நிறுத்தினால் அடியில் சுருண்டு மடியாது, ஈரமாவதும் குறையும். எழுந்து நடக்கிற பெரியவர்களுக்கு இது வேண்டாம், பின்னால் விலகும். அவர்களுக்கு முன்னால் நீள ஜிப் வைத்து, இழுக்கிற முனையில் ஒரு துணி வளையம் கட்டிக் கொடுக்கிறேன்.

எத்தனை தைக்கலாம் என்று கேட்பவர்களிடம் நாலு என்கிறேன். ஐப்பசி கார்த்திகை மழையில் ஆறு.